மூன்று அன்னை இல்லங்கள்

எங்கள் தெருவில் மூன்று அன்னை இல்லங்கள் இருக்கின்றன. மூன்று அன்னையரின் பெயரும் தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர் கொண்டு வரும் பையன் மூன்று கேட்டிலும் நின்று "சார் பேர் என்ன?" என்று கேட்டுக் கேட்டுத்தான் பார்சலைக் கொடுக்கிறான். அன்னையை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சாரை வைத்துத்தான் முடிகிறது.

கோவில்பட்டிக்கு வெளியே, பருத்திக்காடாக இருந்து பிளாட் ஆன இடத்தில், நாங்கள் மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டினோம். நிலம் என் பெயரில் பதிவானது. அதில் என் பெருமை எதுவுமில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மனையின் மதிப்பு ஒன்பது லட்சம். ஒன்பதாயிரம் மிச்சம் என்று பத்திரம் எழுதுபவர் சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில் "அப்போ டீச்சர் பேர்லயே போட்டுருவோம்" என்றார்கள். அன்று யாருக்கும் குடும்பப் பாரம்பரியம் ஞாபகம் வரவில்லை. பால் காய்ச்சுவதற்குப் பத்து நாள் முன்பு, பெயர்க் கல்லுக்கு ஆர்டர் கொடுக்கப் போனபோதுதான் ஞாபகம் வந்தது.

என் கணவர் வீட்டில் ஒரு வழக்கம். தாத்தா சண்முகம் கட்டிய வீடு சண்முக விலாஸ். மாமனார் அதை இடித்துக் கட்டியதும் சண்முக விலாஸ். கணவரின் அண்ணன் கட்டியது சண்முக இல்லம். எங்களுக்கு சண்முக பவனம் என்று அத்தான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். "அம்மா அம்மாவா வந்த பேரும்மா இது" என்றார். அம்மாக்கள் வழியாக வந்த ஒரு பெயர்கூட அந்த வரிசையில் இல்லையே அத்தான் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

நான் சொன்ன பெயர் பேச்சி. என் அம்மா. தீப்பெட்டி ஆபீசில் இருபத்தெட்டு வருடம் பெட்டி ஒட்டியவள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எத்தனை குரோஸ் என்று கணக்கெழுதித்தான் கூலி. அஸ்திவாரத்துக்குக் கம்பி இறக்கிய அன்று கொடுத்த பணம் அவள் நகையை விற்று வந்தது. நகை என்று ஆனதற்கு முன்னால் அது பெட்டியாக இருந்தது.

உடனே வந்த எதிர்ப்பு உச்சரிப்பைப் பற்றியது. "இங்கிலீஷ்ல எழுதினா பெச்சின்னு படிப்பான்" என்றார் அத்தான். உண்மைதான். ஆங்கில எழுத்தில் நெடிலும் குறிலும் ஒன்றாகிவிடும். ஆனால் இந்தக் கவலை ஏன் 'பவனம்' மீது வரவில்லை? எங்கள் தெருவில் அதை யாரும் பவனம் என்று சொல்ல மாட்டார்கள். பவுனம் என்றோ பாவனம் என்றோதான் சொல்வார்கள். அடுத்த தெருவில் 'யாழ் இல்லம்' இருக்கிறது. ஆட்டோக்காரர்கள் அதை யால் இல்லம் என்கிறார்கள். யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை. வாயில் நுழையாத பெயருக்கு மரியாதை, வாயில் தினமும் புழங்கும் பெயருக்குக் கூச்சம் என்றால் பிரச்சினை நாக்கில் இல்லை. பேச்சி, இருளாயி, கருப்பாயி என்ற பெயர்களைக் கேட்டதும் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன சாதி என்று ஒரு கணக்கு ஓடுகிறதே, அந்தக் கணக்கில் இருக்கிறது. கேட்டில் ஒட்டும் கல்லில் அந்தக் கணக்குக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் நிவாஸ்களும் பவனங்களும் வருகின்றன. தெருவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்கு அர்த்தம் இதுதான்.

உச்சரிப்பை நான் சோதித்தும் பார்த்தேன். கேஸ் ஏஜென்சிக்கும், தண்ணீர் கேன் போடுபவருக்கும், பிளம்பருக்கும் போன் செய்து மூன்று பெயரைச் சொன்னேன். 'சண்முக பவனம்' என்றதும் மூவரும் "என்ன?" என்றார்கள். மகள் ஆசைப்பட்ட 'இளவேனில்' ஒருவரிடம் இளவரசி ஆனது. 'பேச்சி வீடு' என்றதும் பிளம்பர் கேட்டது "எந்தப் பேச்சி?" என்று. பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள் யார் என்பதுதான் பாக்கி. வீட்டுப் பெயர் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதானே.

பேச்சியம்மாள் இல்லம் என்று வைக்கலாமே, கௌரவமாக இருக்கும் என்றார் என் கணவர். சமரசத்துக்கு வந்த மனிதர்; குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள், பதினோரு எழுத்து. எங்கள் கேட் தூணில் பதினெட்டுக்கு ஒன்பது அங்குலக் கல்தான் உட்காரும். ஒரு அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது போர்டு எழுதுபவர்களின் கணக்கு. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் தூணுக்கு இருபதடி. எழுத்து இரண்டு அங்குலம் வேண்டும். பதினோரு எழுத்தை அந்த அளவில் ஒரே வரியில் அடக்க முடியாது. தவிர, இல்லம் என்ற சொல்லே எனக்கு ஒட்டவில்லை. முதியோர் இல்லம், நினைவு இல்லம் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து, அதில் யாரோ இறந்துபோன வாசனை வருகிறது. வீடு என்பதை ஏன் வீடு என்று எழுதக் கூடாது?

கல் வெட்டும் அண்ணன் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். இப்போது உளியில்லை. கிரானைட்டில் ஸ்டிக்கரை ஒட்டி, எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மணலை வேகமாக ஊதிக் குழி எடுக்கிறார்கள், குழியில் பெயிண்ட். புள்ளிக்கு வெட்டும் ஓட்டை சின்னது என்பதால் அதில் மணல் சரியாக இறங்காது, குழி ஆழமாகாது. இரண்டு மழையில் முதலில் போவது புள்ளிதான். "பேச்சி பேசசி ஆயிரும், பார்த்துக்கங்க" என்றார். கோடு எவ்வளவு தடிமனோ புள்ளியும் அவ்வளவு தடிமன் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மாதிரியைத் தாளில் அடித்து, தூணில் ஒட்டி, தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் சரி சொன்னேன்.

கல் விஷயம் முடிந்ததும் அன்னை விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பேர்போன அன்னை இல்லம் தி. நகரில் சிவாஜி கணேசனின் வீடு. எந்தத் தலைமுறையைக் கேட்டாலும் தெரியும். அந்த அன்னையின் பெயர் ராஜாமணி அம்மாள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வீடு இருந்த தெற்கு போக் சாலைக்குப் பின்னால் செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று பெயர் மாற்றினார்கள். மகனின் பெயர் பட்டத்தோடு சாலைக்கு வந்தது. தாய் அன்னையாகவே நின்றாள். அவருடைய தாய்ப்பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. பாசம் பெயரை விழுங்கிவிடுகிறது என்றுதான் சொல்கிறேன். இதற்கு மாறாக ஜெயலலிதாவின் வேதா நிலையம். நடிகை சந்தியாவின் இயற்பெயர் வேதவல்லி. திரைக்காக வைத்த பெயரை விட்டுவிட்டு அதை வீட்டுக்கு வைத்தார்கள். அதையும் ஊரும் பத்திரிகைகளும் போயஸ் கார்டன் என்றே சொல்லித் தீர்த்தன. பெண்ணின் பெயரைச் சொல்லாமலிருக்க ஒரு வழி கிடைத்தால் போதும், நாக்கு அந்த வழியில் போய்விடும்.

பெண் பெயர் வைத்தாலே விடுதலை என்றும் நான் நினைக்கவில்லை. ஊரில் லட்சுமி இல்லங்களுக்கா குறைச்சல்? உள்ளே இருக்கும் லட்சுமிக்கு ஒரு சதுர அடிகூடச் சொந்தமில்லை. கீழே 'எம்.இ., செயற்பொறியாளர் (ஓய்வு)' என்று கணவரின் பெயரும், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'திருமதி' என்றும் இருக்கும். அவள் படித்த பி.எஸ்ஸி.க்குக் கல்லில் இடம் போதாது. பெயர்க் கல் சட்ட ஆவணமும் இல்லை. பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, இந்த மூன்றிலும் யார் பெயர் என்று பார்த்த பிறகே கேட்டைப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் கல் எனக்கு முக்கியம். கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. "பேச்சி வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். அப்பா உயிரோடு இருந்தபோதும் அது பேச்சி வீடுதான். தெருப்பேச்சில் வீடுகள் பெரும்பாலும் பெண்கள் பெயரில்தான் இருக்கின்றன: முத்தக்கா வீடு, பூக்காரம்மா வீடு, டீச்சர் வீடு. கல் வந்த பிறகுதான் வீடு ஆணுடையதாகிறது. வாய் கொடுத்து வைத்திருந்ததைக் கல் பிடுங்குகிறது. நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. தெரு சொன்னதைக் கல்லில் எழுதச் சொன்னேன்.

இந்த இடம் வரை எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. குழப்பியது என் மாமியார். "சம்பந்தி பேரு வைக்கிறே. நான் என்ன, இந்த வீட்ல சோறு பொங்கலையா?" என்று கேட்டார். அத்தான் தூண்டிவிட்டிருப்பார் என்று முதலில் நினைத்தேன், இல்லை. எனக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் எனக்குப் பதினாறு வருடமாக டப்பா கட்டிக் கொடுத்தவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பேச்சி கோமதி இல்லம் என்று வைத்துப் பார்த்தோம். ஒரே பெண்ணின் பெயர் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் காணாமல் போவதற்கு நல்ல வழி அது.

"நீங்க நாப்பது வருஷம் இருந்த வீட்டுக்கு உங்க பேரு வைப்போம் அத்தை" என்றேன். "அது உங்க மாமா வீடுல்லா" என்றார். மாமனார் உயில் எழுதாமல் இறந்தார். அந்த வீடு அவர் சம்பாத்தியம். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. இரண்டு மகன், ஒரு மகள், இவர். நாலில் ஒன்று இவருடையது. மாமனார் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வரி ரசீது இன்னும் அவர் பெயரிலேயே வருகிறது. வாடகையை அத்தான் வாங்குகிறார். இதை அத்தையிடம் ஒருவரும் சொன்னதில்லை, நான் உட்பட. சண்முக பவனத்துக்கு எதிராக இத்தனை பேசிய நான், இவருடைய கால் பங்கைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

எங்கள் தூணில் இப்போது 'பேச்சி வீடு' இருக்கிறது. கீழே கதவிலக்கம், அதற்குக் கீழே என் பெயரும் கணவர் பெயரும் ஒரே அளவில், பட்டம் இல்லாமல். புள்ளி இதுவரை போகவில்லை. அத்தான் பால் காய்ச்ச வந்தார், கல்லைப் பார்க்காத மாதிரி உள்ளே போனார்.

வாரிசுச் சான்றுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டே கேட்டார்: "கால் வீடு எனக்குன்னா, எந்த ரூம்பு தாயி என்னுது?"