நான்கு கேள்வி, ஒரு குடும்பம்

தமிழில் ‘இனம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் பல வேலைகளைச் செய்கிறோம். கறுப்பர், வெள்ளையர் என்பதும் இனம். தமிழர், சிங்களர் என்பதும் இனம். அரசு வேலைக்கான அறிவிப்பில் ‘இனச்சுழற்சி’ என்று வந்தால் அங்கே அதற்குப் பொருள் சாதிப் பிரிவு. பள்ளி மாற்றுச் சான்றிதழில் சாதிக்குப் பக்கத்திலேயே ‘இந்தியர்’ என்றும் எழுதியிருக்கிறது. மாணவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

மரபினம், இனக்குழு, நாட்டினம், குடியுரிமை என்று நான்காகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். இதைப் புரிந்துகொள்ள இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் மக்களின் கதையே போதும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போனவர்களில் பெரும்பகுதியினர் சேரி மக்கள்தான். உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு சகோதரர்கள். அண்ணன் ஊரிலேயே பண்ணையாளாக இருந்துவிட்டார். தம்பி 1905-ல் கடல் கடந்து அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார்.

மரபினம் என்பது தோல் நிறம், முடி, முகவெட்டு என்று உடம்பைப் பார்த்து மனிதர்களைப் பிரிப்பது. அறிவியலில் இதற்குப் பெரிய அடிப்படை இல்லை. ஆனால் இதை நம்பி ஆட்சியே நடத்தியிருக்கிறார்கள், தென்னாப்பிரிக்காவில் நடந்தது போல. நம் அண்ணன் தம்பி விஷயத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதுமட்டுமல்ல, அட்டனில் தம்பிக்குப் பக்கத்து ஊர்ச் சிங்களரையும் தம்பியையும் உடம்பை வைத்துப் பிரிக்க முடியாது. 1983 கலவரத்தில் வன்முறைக் கும்பல்கள் சில இடங்களில் சாலையில் போகிறவர்களை நிறுத்தி, ஒரு சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித்தான் தமிழரைக் கண்டுபிடித்தார்கள். கண்ணால் பார்த்துத் தெரியாததை நாக்கை வைத்துச் சோதித்தார்கள். ஊரில் இருந்த அண்ணனையும் அவருடைய ஆண்டையையும் கூட மரபினம் பிரிக்கவில்லை. சென்னை மாகாணத்துப் பிராமணரும் பறையரும் ஒரே மரபினம், பஞ்சாபில் பிராமணரும் சமாரும் ஒரே மரபினம் என்று அம்பேத்கர் 1936-லேயே வாதிட்டார். சாதி ரத்தத்தில் இல்லை, மனிதர் போட்ட வேலி அது என்பது அவருடைய வாதம்.

இனக்குழு வேறு. மொழி, வழிபாடு, சடங்கு, ‘நாம் இங்கிருந்து வந்தவர்கள்’ என்ற பொது நினைவு, இவற்றால் ஒரு மக்கள் தங்களை ஒரு கூட்டமாக உணர்வது. மொழி ஒன்றாக இருந்தால் இனக்குழுவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1911 முதல் இலங்கை மக்கள்தொகைக் கணக்கில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டு பிரிவு. தோட்டத்து மக்கள் மாரியம்மனையும் காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்துச் சாதிமான்கள் அவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். இன்று அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் மலையகத் தமிழர். கணக்கெடுப்பவர் வைத்த பெயரை விட இதற்குத்தான் மதிப்பு என்பது நம் எண்ணம்.

மூன்றாவது நாட்டினம்: நீ எந்த நாட்டைச் சேர்ந்தவன் என்ற கேள்வி. நான்காவது குடியுரிமை: அந்த நாட்டில் ஓட்டு, பாஸ்போர்ட், வெளியேற்றப்படாமல் வாழும் உரிமை உனக்கு உண்டா என்ற கேள்வி. நமக்கு இரண்டுக்கும் பதில் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. தம்பியின் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

தம்பி மகன் 1910-ல் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். மறு ஆண்டு இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். இவருடைய தந்தை பிறந்தது திருச்சி. ஆகவே குடியுரிமை இல்லை. இவருடைய மகன் 1935-ல் பிறந்தவன். தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதால் சட்டப்படி அவனுக்கு உரிமை உண்டு; ஆனால் தந்தை பிறந்ததற்குச் சான்றிதழ் எங்கே? லயத்தில் பிறந்தவர்களில் பலரிடம் அது இல்லை. 1952 தேர்தலில் இந்தக் குடும்பத்துக்கு ஓட்டு இல்லை. இலங்கை இவர்களை ‘இந்தியர்’ என்றது. நீண்டகாலம் அங்கே வாழ்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றார் நேரு. இரண்டு நாட்டுக்கும் இடையில் நின்றவர்களுக்குப் பெயர் ‘நாடற்றவர்’.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. ஆட்களைக் கேட்காமல் தலைகளை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். நெல் மூட்டைக்குக் கூட நாம் இதைவிடக் கவனமாகக் கணக்குப் பார்ப்போம். பேரன் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் தலைமன்னாரில் கப்பலேறி வந்து கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் தங்கை அட்டனிலேயே தங்கிவிட்டாள். அவளைப் போல 1964 முதல் அங்கேயே இருந்து நாடற்றவராக மிஞ்சியவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் 2003-ல் இலங்கை தனிச்சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது.

சித்தப்பா குடும்பம் இரண்டிலும் சேரவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாகத் தமிழ்நாட்டு முகாமுக்கு வந்தது. முகாமில் 1986-ல் ஒரு பெண் பிள்ளை, 1990-ல் ஒரு பையன். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவர் என்றால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. ஆக அக்கா இந்தியர், தம்பி அகதி. ஒரே வயிறு, ஒரே முகாம், ஒரே பாஷை. அக்காவுக்குச் சட்டம் கொடுத்ததும் தானாகக் கைக்கு வந்துவிடாது. 1987-க்கு முன் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. தம்பிக்கு 2019 திருத்தச் சட்டமும் உதவாது. அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்.

கூடலூர்ப் பேரனின் பிள்ளைகளுக்குக் குடியுரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் கல்லூரியில் சேரும்போது பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். தாசில்தார் அலுவலகம் தந்தையின் சாதிக்கு ஆதாரம் கேட்டது. தாயகம் திரும்பிய பல குடும்பங்கள் இப்படி அலைந்திருக்கின்றன. கடல் கடந்து போனபோது சாதி கூடவே போனது, லயத்திலும் ஒதுக்கி வைத்தது, திரும்பியும் வந்தது. அதற்கான தாள் மட்டும் வரவில்லை. இப்படிப்பட்டவர்கள் தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையைத் தேடி எடுங்கள். அதில் பூர்வீக ஊர் இருந்தால், ஊரிலேயே இருந்துவிட்ட அண்ணன் வழிப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழை அதனுடன் இணைத்து, உறவு முறையைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கி மனுப் போடுங்கள்.