அம்புக்குறிக்கும் ஓர் உரை வேண்டும்

சமூக அறிவியல் ஆய்வேடுகளில் முன்னாய்வுகளைத் தொகுத்துரைக்கும் இயலின் முடிவில் ஒரு படம் இருக்கும். சில கட்டங்கள், அவற்றுக்கிடையே சில அம்புக்குறிகள், அடியில் ‘ஆய்வின் கருத்துச் சட்டகம்’ என்ற தலைப்பு. அதன் கீழே பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியந்தான் நிற்கும்: “மேற்கண்ட படம் சாரா மாறிகளுக்கும் சார்ந்த மாறிக்கும் இடையிலான உறவை விளக்குகிறது.”

படம் எதையும் விளக்குவதில்லை என்பது என் கருத்து. அது ஒரு கூற்றை முன்வைக்கிறது, அவ்வளவே. இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்குக் கோடு ஏன் செல்கிறது, எந்த வழியில் செல்கிறது, வேறொரு கட்டத்திலிருந்து ஏன் செல்லவில்லை என்பதையெல்லாம் உரைநடைதான் சொல்ல வேண்டும். அந்த உரைநடையை எழுதாமல் விட்டால் என்ன நேர்கிறது என்பதை நன்கு அறியப்பட்ட ஒரு சட்டகத்தை வைத்தே பார்க்கலாம்.

1988இல் டிமதி பால்ட்வின், கெவின் ஃபோர்டு ஆகிய இருவரும் பயிற்சியில் கற்றது பணியில் எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ஒரு சட்டகம் வகுத்தார்கள். மனிதவள மேலாண்மை, தொழில் உளவியல் ஆய்வேடுகளில் இன்றும் அது எடுத்தாளப்படுகிறது. அதன் இடப்புறம் மூன்று கட்டங்கள்: பயிற்சி பெறுபவரின் தன்மைகள், பயிற்சியின் வடிவமைப்பு, பணிச்சூழல். நடுவில் ஒரு கட்டம்: கற்றலும் நினைவில் நிறுத்தலும். வலப்புறம் ஒரு கட்டம்: கற்றதைப் புதிய சூழல்களுக்கு விரித்துப் பயன்படுத்துதலும் காலப்போக்கில் அதை விடாமல் தொடர்தலும். இதைச் சுருக்கமாகப் ‘பணிப்பயன்பாடு’ என்கிறேன்.

அம்புகள் மொத்தம் ஆறு. இடப்புற மூன்று கட்டங்களிலிருந்தும் நடுக்கட்டத்துக்கு மூன்று. நடுவிலிருந்து வலப்புறத்துக்கு ஒன்று. பயிற்சி பெறுபவரின் தன்மைகளிலிருந்தும் பணிச்சூழலிலிருந்தும் வலப்புறத்துக்கு நேராக இரண்டு. கணக்கு இதோடு முடிகிறது. பயிற்சியின் வடிவமைப்பிலிருந்து பணிப்பயன்பாட்டுக்கு நேரான அம்பு இல்லை.

இந்த இல்லாத அம்புதான் படத்தின் கூர்மையான கூற்று. ஒரு பயிற்சி எவ்வளவு சிறப்பாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், அது கற்றலை மாற்றினால் மட்டுமே பணியை மாற்றும் என்று அது சொல்கிறது. இதை மறுக்கவும் இடம் உண்டு. பயிற்சியின் கடைசி நாளில், பணிக்குத் திரும்பியபின் எந்தெந்தத் தடைகள் வரும், அவற்றை எப்படிச் சமாளிப்பது என்று ஒவ்வொருவரையும் எழுதவைக்கும் முறை ஒன்று உண்டு. அது பாடத்தைக் கூடுதலாகக் கற்பிப்பதில்லை. ஆயினும் பணியில் பயன்படுத்தும் அளவை உயர்த்தக்கூடும். அப்படியானால் அதையும் ‘கற்றல்’ என்ற கட்டத்துக்குள் அடக்குகிறோமா, அல்லது ஏழாவதாக ஓர் அம்பு வரைகிறோமா? ஆய்வாளர் இதற்கு ஒரு பத்தியில் விடை சொல்லியாக வேண்டும். ஏனெனில் பகுப்பாய்வு அதைப் பொறுத்தே அமையும். நேர் அம்பு இல்லை என்று சொன்னால், கற்றலையும் சமன்பாட்டில் சேர்த்தபின் வடிவமைப்பின் கெழு சுழியை ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் படம் தவறு. இந்தச் சோதனையை முன்கூட்டியே சொல்லிவைப்பது உரைநடையின் வேலை.

இனி இதே சட்டகத்தை மைசூருவின் ஹெப்பாளுக்குக் கொண்டுவருவோம். (பெங்களூருவிலும் ஒரு ஹெப்பாள் உண்டு, நான் சொல்வது அதுவன்று.) இங்கே தொழிற்பேட்டையும் இருக்கிறது, இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகமும் இருக்கிறது. அதன் இரண்டாம் கல்வி மையம் 2009இல் திறக்கப்பட்டது. பயிற்சியைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான களம் அரிது. ஆனால் சட்டகத்தை அப்படியே எடுத்து ஒட்டினால், மூன்றாவது அம்பு இங்கே முறிந்துவிடும்.

மூன்றாவது அம்பு பணிச்சூழலிலிருந்து கற்றலுக்குச் செல்வது. மேலாளரின் ஆதரவு இருந்தால் பணியாளர் நன்றாகக் கற்பார் என்பது அதன் பொருள். தொழிற்பேட்டையின் ஓர் ஆலையில் ஐந்தாறு ஆண்டுகள் பணியாற்றிய ஒருவரை அவருடைய மேற்பார்வையாளரே சில நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். முடித்ததும் அவர் அதே இயந்திரத்துக்குத் திரும்பப் போகிறார். போகும்போதே “வந்தவுடன் இதை நம் பிரிவில் செய்து பார்க்கலாம்” என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தால், அந்தச் சொல் வகுப்பறையில் அவருடைய கவனத்தைக் கூட்டும். இங்கே அம்பு பொருந்துகிறது. காரணம் முன்னால் நிகழ்கிறது, விளைவு பின்னால் வருகிறது.

கல்லூரியிலிருந்து நேராக வந்து, வளாகத்திலேயே தங்கிச் சில மாதங்கள் பயிற்சி பெறும் இளைஞரின் நிலை வேறு. அவர் எந்த நகரத்துக்கு, எந்தப் பணித்திட்டத்துக்கு, எந்த மேலாளரிடம் செல்வார் என்பது பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் தெரியாது. பின்னாளில் சென்னையிலோ புணேயிலோ அமையப்போகும் மேலாளரின் ஆதரவு, முன்னாளில் ஹெப்பாளில் நிகழ்ந்த கற்றலை எப்படிப் பாதிக்கும்? விளைவுக்குப் பின்னால் காரணம் வருகிறது! படத்தில் இந்தப் பிழை தெரியாது. தாளில் இடமும் வலமும் உண்டு. முன்னும் பின்னும் இல்லை. “மேலாளரின் ஆதரவு கற்றலை உயர்த்துகிறது, ஏனெனில்…” என்று எழுதத் தொடங்குபவர்தான் ‘ஏனெனில்’ என்ற சொல்லுக்குப் பின் பேனாவை நிறுத்துவார்.

நிறுத்தியபின் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்த அம்பை நீக்கிவிட்டு, நீக்கியதற்கான காரணத்தை எழுதுவது. மற்றொன்று, கட்டத்தை இரண்டாகப் பிரிப்பது. ‘எதிர்பார்க்கும் ஆதரவு’ என்பது பயிற்சியின்போது அளக்கப்பட்டுக் கற்றலுக்கு அம்பு விடும். ‘பெற்ற ஆதரவு’ என்பது பணியில் சேர்ந்து சில மாதங்கள் கழித்து அளக்கப்பட்டுப் பணிப்பயன்பாட்டுக்கு அம்பு விடும். பிரித்தவுடன் வினாநிரலை ஒரே நாளில் கொடுத்து முடிக்க இயலாது என்பதும் தெளிவாகிவிடுகிறது. ஆய்வின் கால அட்டவணையையே மாற்றுகிற முடிவு இது.

அடுத்த சிக்கல் ஐந்தாவது அம்பில் இருக்கிறது. மூலச் சட்டகத்தில் பணிச்சூழல் நேராகப் பணிப்பயன்பாட்டைச் சுட்டுகிறது. நம் ஆய்வேடுகளில் படத்தை அப்படியே வரைந்துவிட்டு, கீழே “மேலாளரின் ஆதரவு கற்றலுக்கும் பணிப்பயன்பாட்டுக்கும் உள்ள உறவை வலுப்படுத்துகிறது” என்று எழுதுகிறார்கள். இவை இரண்டு வேறு கூற்றுகள். நேர் அம்பு சொல்வது: அதிகம் கற்றவரானாலும் குறைவாகக் கற்றவரானாலும், ஆதரவு இருவருக்கும் ஒரே அளவு உதவும். வலுப்படுத்தும் கூற்று சொல்வது: அதிகம் கற்றவருக்கே ஆதரவு அதிகம் உதவும். பின்னதை வரைய வேண்டுமானால் அம்பு கட்டத்தில் முடியக் கூடாது. கற்றலையும் பயன்பாட்டையும் இணைக்கும் அம்பின் நடுவில் போய்த் தைக்க வேண்டும். ஒரு மாறி வழியாகச் செல்லும் உறவையும் ஒரு மாறியால் கூடிக் குறையும் உறவையும் குழப்பாதீர்கள் என்று ரூபன் பேரனும் டேவிட் கென்னியும் 1986லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். குழப்பம் ஓயவில்லை.

எண்களில் பார்த்தால் வேறுபாடு துலங்கும். X கற்றல், W ஆதரவு, Y பணிப்பயன்பாடு என்க. மூன்றும் சராசரி சுழியாகவும் திட்டவிலக்கம் ஒன்றாகவும் மாற்றப்பட்டவை.

```
Y = b0 + b1*X + b2*W + b3*X*W
```

விளக்கத்துக்காக b1 = 0.4, b3 = 0.2 என்று வைத்துக்கொள்வோம். ஆதரவு சராசரியைவிட ஓர் அலகு குறைவாக உள்ள இடத்தில் கற்றலின் பயன் 0.4 − 0.2 = 0.2. ஓர் அலகு கூடுதலாக உள்ள இடத்தில் 0.4 + 0.2 = 0.6. அதே கற்றலுக்கு மும்மடங்குப் பயன். நேர் அம்பு மட்டும் வரைந்தவருடைய சமன்பாட்டில் கடைசி உறுப்பே இருக்காது. அவருக்கு எல்லா இடத்திலும் 0.4 என்றே தோன்றும். உரையில் ஒன்றைச் சொல்லி, படத்தில் மற்றொன்றை வரைந்து, கணக்கில் மூன்றாவதைச் செய்திருந்தால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

அப்படியானால் ஓர் அம்புக்கு எப்படி எழுதுவது? நம்மிடமே ஒரு மரபு உண்டு. காண்டிகையுரைக்குக் கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என ஐந்து உறுப்புகளை இலக்கண நூலார் வகுத்திருக்கிறார்கள். ஐந்தாவது அம்புக்கு அந்த முறையில் ஒரு பத்தி எழுதிப் பார்க்கிறேன்:

“பெற்ற ஆதரவு மிகுந்த இடத்தில், கற்றலுக்கும் பணிப்பயன்பாட்டுக்கும் உள்ள நேர்த்தொடர்பு வலுவாக இருக்கும் என்று இவ்வாய்வு கருதுகிறது. பெற்ற ஆதரவு என்பது, கற்றதைப் பயன்படுத்தும் வாய்ப்பை மேலாளர் ஒதுக்கித் தருவதையும் தவறினால் திருத்துவதையும் குறிக்கும். பொதுவான நல்லுறவைக் குறிக்காது. சான்றாக, பயிற்சியில் ஒரு நிரல்மொழியைத் தேர்ந்து கற்றவருக்கு அம்மொழி தேவைப்படாத பணியே அளிக்கப்பட்டால், அவருடைய கற்றல் வெளிப்பட இடமில்லை. ஆதரவு கற்றல் குறைந்தவருக்கும் அதே அளவு உதவாதோ எனின், உதவாது; ஒதுக்கித் தரும் வாய்ப்பைப் பயன்படுத்தக் கற்ற திறன் முன்னரே இருக்க வேண்டும்.”

ஐந்து வாக்கியங்கள்தாம். முதலாவதிலிருந்து கருதுகோள் பிறக்கிறது. இரண்டாவதிலிருந்து வினாநிரலின் கேள்விகள் பிறக்கின்றன. ஐந்தாவது, நேர் அம்பை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கு விடை. ‘கருதுகிறது’ என்ற வினையையும் கவனியுங்கள். சட்டகத்தில் நாம் எதையும் மெய்ப்பிக்கவில்லை. ‘காட்டுகிறது’, ‘நிறுவுகிறது’ என்ற சொற்கள் முடிவுரைக்கு உரியவை.

இத்தனையும் எழுதினாலும் ஓர் எல்லை உண்டு. பிரையன் புளூமும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் இத்துறையின் 89 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாறிகள் அனைத்தையும் ஒரே ஆளிடம் ஒரே வேளையில் கேட்டுப் பெற்ற ஆய்வுகளில் உறவுகள் மிகைப்பட்டுத் தோன்றுவதை அவர்கள் சுட்டினார்கள். அந்தக் குறையை நல்ல உரைநடை போக்காது. ஆனால் எந்த அம்பு எந்த நேரத்தில் யாரிடம் அளக்கப்படுகிறது என்று எழுதவைத்தால், குறை களப்பணிக்கு முன்பே கண்ணில் படும்.

நெறியாளர்களுக்கும் சக ஆய்வாளர்களுக்கும் ஓர் எளிய சோதனையை முன்மொழிகிறேன். படத்தை மறைத்துவிட்டு, அதற்கு எழுதிய உரையை மட்டும் துறைக்கு அப்பாற்பட்ட ஒருவரிடம் கொடுத்து, அதைப் படித்து வரையச் சொல்லுங்கள். அவர் வரையும் படத்தில் எங்கெல்லாம் ஓர் அம்பு கூடுகிறதோ, குறைகிறதோ, வேறிடத்தில் முடிகிறதோ, அங்கெல்லாம் திருத்த வேண்டியது உரையா படமா என்று முடிவுசெய்தபின் வினாநிரலை அச்சுக்குக் கொடுக்கலாம்.