பழைய வீட்டுக்கு எந்த மதிப்பு?

"வீட்டுக்கு ஐம்பது வயசாச்சு சார், இதுக்குப் போய் இன்ஷூரன்ஸா? நாளைக்கு வித்தா மனை விலைக்குத்தானே போகும்?" நம் வயதுக்காரர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். பொதுக் காப்பீட்டு அலுவலகத்தில் நஷ்டஈட்டுப் பிரிவில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். விற்கும் விலையை வைத்து வீட்டுக் காப்பீட்டை அளக்கக்கூடாது என்பதே என் பதில்.

தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் மனை எங்கும் போய்விடாது. போவது கட்டடம்தான். அதனால் காப்பீட்டில் மனையின் விலைக்கு இடமே இல்லை. கட்டடத்தை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. அதே அளவு, அதே மாதிரி வீட்டை இன்றைய விலைவாசியில் புதிதாகக் கட்ட ஆகும் செலவு ரீஇன்ஸ்டேட்மென்ட் வேல்யூ. அந்தச் செலவில் வீட்டின் வயதுக்கான தேய்மானத்தைக் கழித்தால் வருவது மார்க்கெட் வேல்யூ. பெயர்தான் மார்க்கெட், ரியல் எஸ்டேட் தரகர் சொல்லும் விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புது வீட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இராது. பழைய வீட்டில்தான் உதைக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வீட்டை இன்று திரும்பக் கட்ட 30 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதைப் பார்த்து சர்வேயர் 60 சதவீதம் தேய்மானம் போடுகிறார். மார்க்கெட் வேல்யூ 12 லட்சம். சமையலறையில் பிடித்த தீ கூரையில் பாதியைக் கொண்டுபோகிறது. சரிசெய்ய 8 லட்சம். மார்க்கெட் வேல்யூ பாலிசி என்றால் அதிலும் 60 சதவீதம் கழியும். கைக்கு வருவது 3 லட்சத்து 20 ஆயிரம். கொத்தனாரோ, மரக்கடைக்காரரோ "உங்க வீடு பழசுதானே" என்று நமக்குக் கூலியையும் விலையையும் குறைப்பாரா? மீதி 4 லட்சத்து 80 ஆயிரம் நம் பென்ஷனிலிருந்துதான் போகவேண்டும்.

"சரி, ரீஇன்ஸ்டேட்மென்ட் பாலிசியே எடுக்கிறேன், பிரீமியம் குறைய 12 லட்சத்துக்கு மட்டும் போடுகிறேன்" என்பார் இன்னொருவர். பழைய தீக் காப்பீட்டு பாலிசிகளில் 'ஆவரேஜ்' என்று ஒரு ஷரத்து உண்டு. 30 லட்சத்துக்கு 12 லட்சம்தான் காப்பீடு என்றால் எந்த நஷ்டத்திலும் ஐந்தில் இரண்டு பங்குதான் கிடைக்கும். இங்கேயும் அதே 3 லட்சத்து 20 ஆயிரம்தான்!

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி இந்த இடத்தில் நமக்கு நல்லது செய்திருக்கிறது. அது வீட்டைத் திரும்பக் கட்டும் செலவையே அடிப்படையாக வைக்கிறது. ஆவரேஜ் வெட்டும் இல்லை. ஆனாலும் கட்டடத்தின் சேதத்துக்குக் காப்பீட்டுத் தொகைதான் உச்சவரம்பு. அந்தத் தொகையை நிர்ணயிக்கும் விதத்தில்தான் பழைய வீட்டுக்காரர்கள் கவனமாக இருக்கவேண்டும்.

கார்ப்பெட் ஏரியாவை, சதுர மீட்டருக்கான கட்டுமானச் செலவால் பெருக்குகிறார்கள். கார்ப்பெட் ஏரியாவில் வெளிச்சுவர்கள் சேராது. வராந்தா போன்றவற்றுக்குக் கால் பங்குதான் கணக்கு. அடுக்குமாடி ஃபிளாட்டுக்கு இது பொருந்தும். ஒன்றரை அடிச் சுவரும் நீண்ட திண்ணையும் உள்ள நம் வீடுகளில் செலவு அதிகம், கணக்கில் வரும் பரப்போ குறைவு. புது ஃபிளாட்டுக்கான ரேட்டை இங்கே போட்டால் தொகை கட்டாயம் பற்றாது. தேக்குத் தூணுக்கும் மரச்சட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸுக்கும் ஆகும் செலவு அந்த ரேட்டில் இல்லவே இல்லை. அதனால் ஒரு சிவில் இன்ஜினியரிடம் வீடு முழுவதையும் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அதைக் கார்ப்பெட் ஏரியாவால் வகுத்து வரும் ரேட்டைப் படிவத்தில் எழுதுங்கள். ரேட்டைச் சொல்லவேண்டியவர் வீட்டுக்காரர். கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவேண்டும். இன்ஜினியரின் கடிதம் கையிலிருந்தால் பேச்சு சுலபம்.

இதற்கும் எல்லை உண்டு. கரையான் அரித்து உத்தரம் விழுந்தால் எந்த மதிப்பில் எடுத்த பாலிசியும் உதவாது. அது விபத்தல்ல, பராமரிப்பு. தவிர, பழைய பாலிசிகளின் ரீஇன்ஸ்டேட்மென்ட் ஷரத்துப்படி, உண்மையிலேயே செலவழித்துத் திரும்பக் கட்டினால்தான் முழுத்தொகை. கட்டாமல் விட்டால் தேய்மானம் போகத்தான் கிடைக்கும்.

ஆகவே, வீடு இடிந்தால் மனையை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விடுவேன் என்று தீர்மானித்திருப்பவருக்கு மார்க்கெட் வேல்யூவே போதும் என்பேன். அதே வீட்டில்தான் கடைசிவரை இருக்கப்போகிறேன் என்பவர் பீரோவிலிருந்து பாலிசியை எடுத்து, எந்த அடிப்படையில் மதிப்பு என்று எழுதியிருக்கும் வரியை இன்றைக்கே படித்துப் பார்த்துவிடுவது நல்லது.