படம் முடிந்தபின் எழும் வினா

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது. அட்டனுக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்தில், உறவினர் இல்லத்தில் அமர்ந்து, தொலைக்காட்சியில் ‘பரதேசி’ என்னும் படத்தைக் கண்டோம். பாலா இயக்கி 2013இல் வெளிவந்த படம் அது. வறட்சியுற்ற ஊர் ஒன்றிற்குக் கங்காணி வருகின்றான். வேலையும் கூலியும் வீடும் உண்டென ஆசை காட்டுகின்றான். மக்கள் பல நாள் நடந்து மலை ஏறுகின்றனர். ஏறியவர் இறங்க வழியில்லை. இதுவே அதன் கதை.

படம் முடிந்ததும், அருகிலிருந்த மாணவனை நோக்கி, “இப்படம் நமக்குப் புகட்டும் படிப்பினை யாது, தம்பி?” என்று வினவினோம். “சுரண்டலின் கொடுமை, ஐயா” என்றான் அவன். விடையிற் பிழையில்லை. ஆனால் அவ்வளவில் பேச்சு முடிந்தது. வீட்டுக்காரர் தேநீர் கொணர எழுந்தார். இளையவர் கைப்பேசியை எடுத்தனர். இரண்டு மணி நேரம் நெஞ்சைப் பிழிந்த காட்சிகள் ஒரு தேர்வுத்தாள் விடையாய்ச் சுருங்கின. தவறு மாணவனுடையதன்று, வினவிய நம்முடையதே.

அத்தவறு இன்னதென்பதை நமது நன்னூலே காட்டும். பவணந்தி முனிவர் வினாவை அறுவகைப்படுத்துவர்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. ஆசிரியர் தாம் அறிந்த பொருளையே மாணாக்கன் அறிந்துள்ளானா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. தாம் அறியாததைக் கேட்பது அறியாவினா. மங்கிய மாலையில் தொலைவில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று துணியமாட்டாமற் கேட்பது ஐயவினா. கேள்வி போலத் தோன்றினும் கட்டளையாய் அமைவது ஏவல்வினா. நாம் மாணவனிடம் கேட்டது முதல்வகை. படிப்பினை இன்னதென்னும் விடையை மடியில் வைத்துக்கொண்டே கேட்டோம். அவன் நம் மடியைப் பார்த்து விடை சொன்னான். படம் பார்த்தவர் இல்லங்களில், “நல்ல படம், இல்லையா?” என்று கேட்கின்றோமே, அது ஏவல்வினாவின் சாயல். ‘ஆம் என்று சொல்’ என்பதே அதன் உட்பொருள்.

படத்தைப் பற்றிய பேச்சைத் திறப்பவை அறியாவினாவும் ஐயவினாவுமே. கேட்பவருக்கும் விடை தெரியாதிருத்தல் வேண்டும். அன்றியும், விடையைத் தேடுதற்குரிய இடம் படத்துக்குள்ளேயே இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் பேச்சு வெறும் வாதமாகும், அல்லது வெறும் பாடமாகும்.

தேநீர் வந்தபின் மீண்டும் தொடங்கினோம். இம்முறை, நமக்கே துணிவில்லாத ஒன்றைக் கேட்டோம்: “ராசா மலையை விட்டுப் போக முடியாமற் போனது எதனால்? கங்காணியாலா, கடனாலா, துரையாலா?” மாணவன், “கங்காணிதான்” என்றான். “ஏன்?” என்று நாம் கேட்கவில்லை. ‘ஏன்’ என்னும் சொல் பல வேளைகளிற் குற்றஞ்சாட்டுவதுபோல் ஒலிக்கும். கேட்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ள முயல்வர். அதற்கு மாறாக, “எந்தக் காட்சியில் உமக்கு அவ்வாறு தோன்றிற்று?” என்று கேட்டோம். ஓவியங்களை முன்வைத்து மாணவரைப் பேசவைக்கும் முறையொன்றை அமெரிக்காவில் வகுத்த அபிகெயில் ஹவுசனும் பிலிப் யெனவைனும் இத்தகைய கேள்வியையே நடுநாயகமாகக் கொண்டனர்: நீர் அவ்வாறு சொல்லும்படி எதைக் கண்டீர் என்பது அது. இக்கேள்வி, சொன்னவரைச் சோதியாது. அவரை மீண்டும் படத்தினிடம் அனுப்புகின்றது.

மாணவன், ராசா தப்பியோட முயன்று பிடிபட்டுக் காலின் நரம்பு வெட்டுண்ட காட்சியைச் சொன்னான். அவன் தாய் உடனே மறுத்தார். “அது பிறகு. கணக்குப் பார்க்கிற நாளைப் பாரு. உழைச்சதையெல்லாம் கழிச்சிட்டு இன்னும் கடன் இருக்குன்னு சொல்றானே, அங்கேயே கால் போயிருச்சு” என்றார். இப்போது தாயும் மகனும் நம்மை மறந்து ஒருவரோடொருவர் பேசினர். பேச்சு திறந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். எல்லாரும் வினவியவரையே நோக்கி விடை சொல்லிக்கொண்டிருப்பாராயின், அது இன்னும் வகுப்பறையே.

மூலையில் இருந்த பாட்டி அதுவரை வாய் திறக்கவில்லை. கடன் என்னும் சொல்லைக் கேட்டதும், “எங்கம்மா கொழுந்து குறைஞ்சுபோன அன்னைக்கு அரைப்பேர்தான் போடுவாங்க. நாள் பூரா மலையில நின்னவ, அரைப்பேரோட வந்து அடுப்படியில உக்காந்து அழும்” என்றார். இது நம் வினாவுக்கு விடையா? ஆம் என்பர் நன்னூலார். விடை எட்டு வகை. அவற்றுள் நேரே சொல்லாது தமக்கு உற்றதைச் சொல்லுதல், உற்றதுரைத்தல் எனப்பெறும். அதனையும் விடையாகவே கொள்க என்பது இலக்கணம். “பாட்டி, நாம் படத்தைப் பற்றியல்லவா பேசுகின்றோம்” என்று தடுத்திருப்பின் அன்றைய பேச்சின் உயிரே போயிருக்கும். கடன் என்பது கணக்கேட்டின் எண் மட்டுமன்று, ஒருநாள் உழைப்பைப் பாதியாக்கும் ஒரு கீறலும் ஆகும் என்பதை அவரே காட்டினார்.

அதன்மேல் ஒரு வினா தானே எழுந்தது. அது மாணவனுடையது: “ஐயா, இந்தப் படத்தில் நம் மலைக்குரியது எது, நமக்குரியதல்லாதது எது?” படத்துக்கு மூலம் பி. எச். டானியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவல், இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். அது தென்னிந்திய ஆனைமலைத் தோட்டங்களின் கதை. இலங்கையிற் கங்காணிக்கு உள்ள கடனைக் காட்டும் ‘துண்டு’ முறை இருந்தது. அது தீராமல் ஆள் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கங்காணியும் கடனும் இரு மலைக்கும் பொது. சட்டமும் காலமும் வேறு. மேலும், டானியல் தாமே தோட்டங்களிற் பணியாற்றிய மருத்துவர். நாவலில் வரும் மருத்துவர் தொழிலாளர்பால் இரக்கம் கொண்டவர். திரையிலோ மருத்துவர் மதம் மாற்றுபவராகவே பெரிதும் காட்சியளிக்கின்றார். இயக்குநர் இதனை ஏன் மாற்றினார்? நமக்கு விடை தெரியாது. அதனாலேயே அது நல்ல வினா. அன்றிரவு அரைமணி நேரம் அதற்கே போயிற்று.

ஓர் எல்லையும் உண்டு. இறுதிக் காட்சியில், தன் மனைவி அங்கம்மாவும் மகனும் அதே மலைக்கு வந்து சேர்வதைக் கண்டு ராசா கதறுகின்றான். அவன் கதறியது யாருக்காக என்று கேட்டோம். பாட்டி பேசவில்லை. நாமும் மறுபடி கேட்கவில்லை. தம் வாழ்வோடு ஒட்டிய காட்சியில் ஒருவர் மௌனம் காப்பாராயின், அதனை உடைப்பது வினாவன்று, விசாரணை.

ஆசிரியர்களே, அடுத்த முறை இல்லத்திலோ பள்ளியிலோ ஒரு படம் முடியும்போது, வாயெடுக்குமுன் ஒன்றை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இவ்வினாவின் விடை எனக்கு முன்பே தெரியுமா? தெரியுமாயின், அதனைத் தேர்வுத்தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.