லண்டனில் நாளுக்கு இருமுறை விடப்படும் ஏலம்

"தங்க விலையை லண்டன்காரன்தான் முடிவு செய்கிறான்" என்று கடைத்தெருவில் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அரசு அலுவலகத்தில் டெண்டர் உறைகளும் ஏலக் கோப்புகளுமாகக் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இந்தப் பேச்சு உறுத்தும். யார் முடிவு செய்கிறார், எந்த விதிப்படி, தராசைப் பிடித்திருப்பவருக்கு அதில் சொந்த ஆதாயம் உண்டா என்று கேட்டுத்தான் பழக்கம். லண்டன் விலையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ஒன்று. லண்டனில் தங்கம் நாள் முழுக்கக் கைமாறுகிறது. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் வங்கிக்கும் வங்கிக்கும், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே தனித்தனியாகப் பேசி முடிக்கும் வியாபாரம். நான்கு பேரிடம் விலை கேட்டால் நான்கு விலை வரும். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. சுரங்கக்காரர் ஒருவர் சுத்திகரிப்பு ஆலைக்குத் தங்கம் விற்கிறார் என்றால் எந்த விலையைக் கணக்கில் எழுதுவது? இருவரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ள, எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரே எண் வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏலம்.

லண்டன் நேரப்படி காலை 10.30க்கும் பிற்பகல் 3 மணிக்கும் அது நடக்கிறது. முதலில் ஓர் ஆரம்ப விலை அறிவிக்கப்படும். ஏலத்தில் சேர்ந்துள்ள வங்கிகளும் வியாபார நிறுவனங்களும், 'இந்த விலைக்கு நாங்கள் இவ்வளவு வாங்குவோம், இவ்வளவு விற்போம்' என்று தங்களுக்கும் தங்கள் வாடிக்கையாளருக்குமாக அளவைப் பதிய வேண்டும். அதற்கு 30 வினாடி. வாங்கும் அளவுக்கும் விற்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் 10,000 அவுன்சுக்குள் இருந்தால் அதுவே விலை. மீறினால் விலையை ஏற்றியோ இறக்கியோ அடுத்த சுற்று.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. ஆரம்ப விலை அவுன்சுக்கு 2,000 டாலர். அந்த விலைக்கு 95,000 அவுன்ஸ் வாங்க ஆள் இருக்கிறது, விற்க 60,000தான் வந்திருக்கிறது. வித்தியாசம் 35,000. ஆகவே விலை 2,001 டாலர் 50 சென்ட் ஆகிறது. இப்போது வாங்க வந்தவர்களில் சிலர் பின்வாங்குகிறார்கள். சில விற்பனையாளர்கள் உள்ளே வருகிறார்கள். வாங்க 78,000, விற்க 70,000. வித்தியாசம் 8,000, ஏலம் முடிந்தது. மிச்சமுள்ள அந்த 8,000 அவுன்சை ஏலத்தில் உள்ளவர்கள் தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வாங்கியவர், விற்றவர் அனைவருக்கும் ஒரே விலை.

நம் ஊர் ஏலத்தில் கடைசியில் ஒருவர்தான் மிஞ்சுவார். இங்கே அப்படியில்லை, இரண்டு தட்டும் ஏறத்தாழச் சமமாகும்வரை விலையை நகர்த்துகிறார்கள். பிரெஞ்சில் 'தாத்தோன்மான்' என்றொரு சொல் உண்டு. இருட்டில் கையால் தடவித் தடவி வழி கண்டுபிடிப்பது. லியோன் வால்ரஸ் என்ற பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் 1870களில் சந்தை விலை உருவாவதை விளக்க இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு லண்டன் ஏலத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயருக்கு இது பிடிக்காமல் போகலாம்!

இது தொடங்கியது 1919 செப்டம்பர் 12 அன்று. முதல் விலை அவுன்சுக்கு 4 பவுண்டு 18 ஷில்லிங் 9 பென்ஸ். பிறகு வெகுகாலம் ராத்ஸ்சைல்ட் வங்கியின் அறையில் ஐந்து நிறுவனங்களின் ஆட்கள் உட்கார்ந்து விலை பேசினார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தொலைபேசி, ஒரு சின்ன பிரிட்டிஷ் கொடி. தன் அலுவலகத்தோடு பேசி அளவை மாற்ற வேண்டியவர் கொடியை உயர்த்துவார். கொடி இறங்கும்வரை தலைவர் விலையை அறிவிக்க முடியாது. பிற்பகல் ஏலம் 1968இல்தான் வந்தது, அமெரிக்கர்கள் விழித்து வேலைக்கு வரும் நேரத்தை ஒட்டி. 2004இல் ராத்ஸ்சைல்ட் விலகியபின் அறையும் கொடியும் போய், எல்லாம் தொலைபேசியிலேயே நடந்தது.

கொடியும் மேசையும் பார்க்க அழகுதான். ஆனால் விலை சொன்னவர்களே அந்த விலையில் பந்தயம் கட்டியிருந்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2012 ஜூன் 28 காட்டியது. பார்க்லேஸ் வங்கி தன் வாடிக்கையாளர் ஒருவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. அன்று பிற்பகல் ஏல விலை 1,558 டாலர் 96 சென்டுக்கு மேல் போனால் வங்கி அவருக்கு 39 லட்சம் டாலர் தர வேண்டும். ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வங்கியின் வியாபாரி ஒருவர் விலையைக் கீழே வைக்கும் நோக்கத்தோடு பெரிய விற்பனை ஆணையை உள்ளே விட்டார். முடிந்த விலை 1,558 டாலர் 50 சென்ட். நாற்பத்தாறு சென்ட் குறைவு. வங்கி பணம் தர வேண்டியதில்லை! வாடிக்கையாளர் சும்மா இருக்கவில்லை, கோட்டுக்கு இத்தனை அருகில் விலை நின்றது எப்படி என்று விளக்கம் கேட்டார். விசாரணை நடந்து, 2014இல் பிரிட்டிஷ் நிதிக் கண்காணிப்பு அமைப்பு வங்கிக்கு ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. வியாபாரிக்குத் தனி அபராதமும் தொழில் செய்யத் தடையும். வாடிக்கையாளருக்கு வங்கி நஷ்ட ஈடு கொடுத்தது.

இதற்குப் பிறகுதான் 2015 மார்ச் 20 முதல் ஏலம் கணினிக்கு மாறியது. ஐ.சி.இ. என்ற நிறுவனத்தின் கிளை அதை நடத்துகிறது. அது ஏலத்தில் தங்கம் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. ஆரம்பத்தில் விலையைச் சொல்ல ஒரு தலைவர் இருந்தார். பிறகு அதையும் கணக்கு விதிக்கே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் என்ன விலை, எவ்வளவு வாங்க, எவ்வளவு விற்க வந்தது என்பதும் வெளியிடப்படுகிறது. டெண்டர் உறையைப் பலர் முன்னிலையில் பிரித்து, ஒப்பீட்டுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைப் பழைய முறையைவிட மேலானது என்றே சொல்வேன்.

ஆனாலும் ஒரு குறை அப்படியே இருக்கிறது. பெரிய தங்க நிதிகளின் அன்றைய மதிப்பு, சுரங்க ஒப்பந்தங்கள், மேலே சொன்னது போன்ற பந்தயங்கள் எல்லாம் ஏலம் முடியும் அந்த ஒரு கணத்தில் போய்த் தொங்குகின்றன. வியாபாரிகள் கண் கொட்டாமல் பார்ப்பதும் இதனால்தான். ஏலத்தில் எத்தனை பேர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது சுற்றுக்குச் சுற்று தெரிகிறது; அதைப் பார்த்து நியூயார்க் முன்பேரச் சந்தையில் உடனே வாங்குகிறார்கள், விற்கிறார்கள்; அந்த அசைவு மறுபடி ஏலத்துக்கே திரும்புகிறது. அடுத்த நிமிடமே சந்தை விலை வேறிடத்துக்குப் போயிருக்கும். அன்றைய கணக்கை முடிக்க ஒரு கண விலை போதும். கோட்டைத் தாண்டினால் கோடி, தாண்டாவிட்டால் பூஜ்யம் என்கிற ஒப்பந்தங்களுக்கு ஐந்தாறு நாள் ஏல விலைகளின் சராசரியை எடுக்கட்டுமே! ஆறு நாள் சராசரியை அசைக்க ஒரே பிற்பகல் விற்பனை ஆணை போதாது.

நம் கடைப் பலகையில் இருப்பது லண்டன் விலை அல்ல. அதற்கு நடுவில் டாலரின் ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி, வியாபாரி லாபம் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கோடையில் நம் கடிகாரப்படி மாலை 3 மணிக்கும் இரவு 7.30க்கும் ஏலம். அவர்கள் அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் 4 மணிக்கும் 8.30க்கும்.