அறுபத்திரண்டு இலைகள்

இந்த வாரம் கட்டுரைக்குப் பதில் ஒரு கதை. சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-இல். அதற்கு முன், ஹனூர் மைசூர் மாவட்டத்தில் இருந்த நாட்களில் நடக்கிறது.

கொள்ளேகாலத்திலிருந்து மலை மாதேஸ்வரன் கோயிலுக்குப் போகிற சாலையில்தான் ஹனூர். அங்கிருந்து மலைக்கு இன்னும் சுமார் 50 கிலோமீட்டர். சிவராத்திரியை ஒட்டி மண்டியா, பெங்களூர்ப் பக்கத்திலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே வருவார்கள். பஸ் ஸ்டாண்ட் காண்டீன்காரர் மேட்டூர்ப் பக்கத்துத் தமிழர். கூட்டம் நாளைக்குத்தான் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். கொள்ளேகாலம் மொத்தக் கடையில் நாளைக் காலை சரக்கு எடுப்பதாக ஏற்பாடு.

இரவு பத்தே முக்கால். கடைசி பஸ் போய், அடுப்பைத் தணித்துவிட்டிருந்தார். சாலையில் கம்சாளெத் தாளம் கேட்டது. "உகே மாதப்பா!" என்ற குரலும் கூடவே. பையன் வெளியே ஓடி எண்ணிவிட்டு வந்தான்.

"அறுபத்திரண்டு பேருண்ணா. ஒரு நாள் முன்னாலயே வந்துட்டாங்க."

வந்தவர்களில் மூத்தவர் திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டினார். பாதம் வெடித்திருந்தது. "யஜமான்ரே, ஏதாவது இருக்கா? விரதம். வெங்காயம் மட்டும் வேண்டாம்."

பெரிய பாத்திரத்தில் இட்லி மாவு இருந்தது. அது காலை ஐந்தரை பஸ்ஸுக்கானது. சாயங்காலம் அரைத்தது, இன்னும் பொங்கவில்லை. இட்லி ஊற்றினால் கல். தோசை வார்க்கலாம். ஆனால் கல்லில் ஒரு ஈட்டுக்கு நாலு, ஈட்டுக்கு மூன்று நிமிஷம். ஆளுக்கு இரண்டென்றால் கடைசி ஆள் ஒன்றரை மணிநேரம் காத்திருக்க வேண்டும். காலையில் மாவும் இருக்காது. தினமும் வருகிற டிரைவர், கண்டக்டர், பால்காரர் எல்லாரும் எதிர்க்கடைக்குப் போவார்கள். ஒரு நாள் போனவர்கள் மறுநாளும் அங்கேதான் போவார்கள் என்பது காண்டீன்காரருக்குத் தெரியும்.

மிச்சமிருந்தது ரவை. தகர டின்னில் 5 கிலோ. கிலோவுக்குப் பத்துத் தட்டுதான் வழக்கம்.

"ஏனுங்க, பன்னெண்டு பேருக்குப் பத்தாதே" என்றாள் மனைவி.

"தண்ணியைக் கூட்டிக்கலாம். படிக்கு ரெண்டரை வைக்கிற இடத்துல மூணு வை. கொஞ்சம் தளரத்தான் இருக்கும். நடந்து வந்த வயித்துக்கு அதுதான் நல்லது."

எல்லா ரவையையும் ஒரே வாணலியில் கொட்டவில்லை. அதற்கு மேல் கிளறக் கை ஓடாது. அடி பிடிக்கும், நடுவில் வேகாது. இரண்டரை கிலோவாக இரண்டு தடவை. முதலில் வறுத்தார். நிறம் மாறக் கூடாது. மணம் வந்து, கரண்டியில் ஒட்டாமல் மணல் மாதிரி சரிய வேண்டும். கடுகு, கடலைப்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தண்ணீர் ஊற்றினார். கொதிக்கிற தண்ணீரைத் துளி நக்கிப் பார்த்தார். வாய்க்கு ஒரு பங்கு உப்புக் கூடுதலாகத் தெரிந்தால்தான் ரவை சேர்ந்தபின் சரியாக இருக்கும்.

பையன் ரவையை நூலாக விட வேண்டியவன். வெளியே தாளம் வேகம் பிடித்ததும் கை பதறி, பாதியை ஒரேயடியாகக் கொட்டிவிட்டான். கட்டி கட்டியாகத் திரண்டது. ஒன்றை உடைத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை மாவு, பச்சை.

திட்ட நேரமில்லை. விறகை வெளியே இழுத்தார், ஒரு சொம்பு வெந்நீரைச் சுற்றிலும் தெளித்தார், தட்டுப் போட்டு மூடினார். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்து, கட்டிகளை வாணலியின் ஓரத்தில் வைத்துக் கரண்டியின் முதுகால் நசுக்கினார். முக்கால்வாசி சரியாயிற்று. மிச்சத்தைப் பொறுக்கித் தனியாக வைத்தாள் மனைவி. அது வீட்டுக்காரர்கள் பங்கு.

இரண்டாவது வாணலிக்கு ரவையை விட்டதும் அதே பையன்தான். அவனிடமிருந்து அவர் டப்பாவைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

பதினொன்றரைக்கு இலை போட்டார்கள். முதல் வாணலி முப்பது பேர், அடுத்தது முப்பத்திரண்டு. இரண்டாம் தடவை கேட்டவர்களுக்கு மோர்தான் இருந்தது.

காசுப் பேச்சு வந்தது. தட்டு மூன்று ரூபாய். 62 பேருக்கு 186. பெரியவர் துண்டு முடிச்சை அவிழ்த்தார்; நூற்றுச் சொச்சம். மலையில் தாசோகத்தில் சாப்பாடு கிடைக்கும், வழிச்செலவுக்கென்று இவ்வளவுதான் எடுத்து வந்தோம் என்றார். காண்டீன்காரர் மனைவியைப் பார்த்தார். ரவை, எண்ணெய், மளிகை, விறகு என்று அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"தொண்ணூறு குடுங்க. கைமுதல் அது. கூலி வேண்டாம். மிச்சம் வழிக்கு ஆகும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இனாமாகவே போட்டிருக்கலாம் என்று தோன்றியிருக்கலாம். ஆனால் கொள்ளேகாலத்துக் கடைக்காரர் கடன் தரமாட்டார். நாளை மறுபடி கூட்டம் வரும்.

எல்லாரும் ஸ்டாண்ட் சிமென்ட் தரையில் படுத்துவிட்டார்கள். மூவரும் அடுப்படியில் உட்கார்ந்து அந்தக் கட்டிகளை ஊறுகாயோடு தின்றார்கள். பையன் தலை நிமிரவில்லை.

"மொதல் பஸ்ல கொள்ளேகாலம் போயிடு" என்றார் அவர், தொண்ணூறு ரூபாயை அவன் பக்கம் நகர்த்தி. "அஞ்சு கிலோ ரவை. பொடியா இருந்தா வாங்காதே. கையில எடுத்துப் பாத்து வாங்கு."

மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் இரண்டு மூன்று குமிழ் விட்டிருந்தது.