படம் மாதிரி ஆகாது

“படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.” துணி வாங்கியவர்கள் பிற வாங்குவோருக்காக எழுதும் மதிப்புரைகளில் இவ்வாக்கியத்தைப் போலத் திரும்பத் திரும்ப வருவது வேறொன்றில்லை. இதைவிடப் பயனற்ற வாக்கியமும் வேறில்லை. அடுத்து வாங்குபவருக்குத் தேவையான எதையும் இது சொல்வதில்லை. சொல்லாததைச் சொன்னதாக நம்பவும் வைக்கிறது.

கோளாறு ‘மாதிரி’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் அது உவமை உருபு போலவும் வரும். சோதித்துப் பார்க்கக் கொடுக்கும் துண்டுப் பொருளையும் குறிக்கும். முதற்பொருளில் தோற்றத்தின் ஒற்றுமை போதும். இரண்டாம் பொருளில் நூல், நெசவு, சாயம் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே கையாள்கிறது. அதன் 17ஆம் பிரிவு மாதிரி காட்டி விற்பதையும், 15ஆம் பிரிவு வருணனை சொல்லி விற்பதையும் பற்றியவை. மாதிரியும் வருணனையும் சேர்ந்தே தரப்பட்டிருந்தால், சரக்கு மாதிரியோடு ஒத்தால் மட்டும் போதாது. வருணனையோடும் ஒக்க வேண்டும். விற்பவர் காட்டும் ஒளிப்படமோ கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரி அன்று. அது வருணனையின் ஒரு பகுதி. அதுவும் குறைபட்ட பகுதி. படத்தோடு ஒப்பிட்டு மதிப்புரை எழுதுபவர் உவமைப் பொருளில் எழுதுகிறார். படிப்பவர் சரக்குப் பொருளில் புரிந்துகொள்கிறார்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நடக்கக்கூடிய ஒரு கொள்முதலை எடுத்துக்கொள்வோம். ஓணத்துக்கு முன்பு ஒரு மாணவி, கைப்பேசியில் சேமித்த படம் ஒன்றோடு சாலைக் கடைத்தெருவுக்குள் போகிறாள். படத்தில் கோரா நிறப் புடவை, மூன்றங்குலக் கசவுக் கரை. மூன்றாவது கடையில் அதே போன்ற புடவை கிடைக்கிறது. வாங்கி வந்து நான்கு கூற்றுகளை எழுதுகிறாள்: நிறம் அச்சு அசல், கரையின் அகலம் சரி, பாலராமபுரம் கைத்தறி, அசல் கசவு. நான்கும் ஒரே உறுதியோடு, ஒரே வினைமுடிபோடு எழுதப்பட்டவை. ஆனால் நான்கின் ஆதாரமும் ஒன்றன்று.

நிறத்தைப் பார்ப்போம். கோரா என்பது வெளுக்காத பருத்தியின் இயல்பு நிறம். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் அது தந்தம் போலத் தோன்றும்; நண்பகல் வெயிலில் வெள்ளைக்கு நெருங்கும். கசவோ நிறம் என்பதைவிட ஒளித்தெறிப்பு. புடவையைச் சற்றே சாய்த்தால் பொன் பழுப்பாகும். கடை விளக்கின் கீழ் ‘அச்சு அசல்’ என்பது இரண்டு விளக்குகளின் தற்செயலான ஒற்றுமையாக இருக்கலாம். சன்னலோரப் பகலொளியில் பார்த்து, அவ்வாறு பார்த்ததாகவே எழுதினால்தான் அக்கூற்றுக்கு மதிப்புண்டு. கரையகலம் இதற்கு மாறானது. படத்தில் அளவுகோல் இல்லையென்றாலும் வாங்கிய புடவையை அளவுநாடாவால் அளந்துவிடலாம். ‘சரி’ என்று எழுதுவதற்குப் பதிலாக அளந்த எண்ணை எழுதினால், படிப்பவர் படத்தை நாடவே வேண்டியதில்லை.

மூன்றாம் கூற்றில்தான் உண்மையான தீங்கு நேர்கிறது. கிழக்கேகோட்டையிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் சற்றேறக்குறைய பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது பாலராமபுரம். பலராம வர்மாவின் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ப் பகுதிகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களால் வளர்ந்த நெசவூர் அது. அதன் நுண்பருத்தித் துணிகள் புவிசார் குறியீடு பெற்றவை. அவ்வூர்க் குழித்தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்யும் புடவையும், தமிழ்நாட்டு விசைத்தறியில் அதே வடிவில் ஓடும் துணியும் கைப்பேசித் திரையில் ஒன்றே. படம் காட்டாத வேறுபாட்டுக்குத்தான் விலை வேறுபாடு. ‘படத்தோடு பொருந்துகிறது, ஆகவே பாலராமபுரம்’ என்று எழுதும் ஒவ்வொரு மதிப்புரையும் அந்த வேறுபாட்டை அழித்து, மலிவான துணிக்கு நெசவாளரின் பெயரை இலவசமாக வழங்குகிறது. துணியின் ஓரத்தில் முள் துளைகள் இருந்தால் கைத்தறி என்பார்கள். அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் முட்கள் விசைத்தறியிலும் உண்டு. எனவே துளை மட்டும் சான்றாகாது. கைத்தறி முத்திரைச் சீட்டு இருந்ததா, விலைச்சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதே வாங்கியவர் நேர்மையாகச் சொல்லக்கூடியது.

நான்காம் கூற்றும் அத்தகையதே. வெள்ளிக் கம்பிக்குப் பொன்முலாம் பூசியதும் கசவுதான்; செம்புக் கம்பிக்கு மேற்பூச்சிட்டதும் கசவுதான்; உலோகம் பூசிய பாலியெஸ்டர் நாடாவும் கசவு என்றே விற்கிறது. முந்தானை விளிம்பில் தொங்கும் ஓரிழையை எடுத்துச் சுடரில் காட்டினால் பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். அதை வீட்டிலேயே அறியலாம். ஆனால் வெள்ளியா செம்பா என்பது இச்சோதனையில் தெரியாது. ‘அசல்’ என்ற சொல் அவ்விடத்தில் கடைக்காரரின் சொல். மாணவியின் சொல் அன்று.

“சாதாரண வாங்குபவர் துணி வல்லுநரா? மனத்தில் பட்டதை எழுதினால் போதாதா?” என்று கேட்பார்கள். யாரும் வல்லமையைக் கேட்கவில்லை. கேட்பது இலக்கணத்தை. கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்தத் தமிழில் ஒற்றை இடைச்சொல் போதும். ‘கைத்தறி’ என்பது சான்று; ‘கைத்தறியாம்’ என்பது கேள்வி. மலையாளத்தின் ‘அத்ரே’யும் அதே வேலையைச் செய்கிறது. இரு மொழியும் புழங்கும் கிழக்கேகோட்டையில் வீட்டுப் பேச்சில் எவரும் இதைப் பிழையாகப் பயன்படுத்துவதில்லை. மதிப்புரை எழுத உட்கார்ந்ததும் மட்டும் ‘ஆம்’ மறைந்து, கடைக்காரரின் விளம்பரம் வாங்கியவரின் அனுபவமாக உருமாறுகிறது.

அம்மாணவி இவ்வாறு எழுதியிருக்கலாம்: “பகலொளியில் பார்த்தேன், படத்தைவிடச் சற்று மங்கலான கோரா. கரை அளந்ததில் இரண்டே முக்கால் அங்குலம். படத்தைப் பார்த்து மூன்று என நினைத்திருந்தேன். பாலராமபுரம் கைத்தறியாம், முத்திரைச் சீட்டு இல்லை. கசவிழை சுடரில் உருகிற்று. முதல் சலவையில் கஞ்சி போனதும் படத்தில் இருந்த விறைப்பு போய்விட்டது.” இதில் நுண்ணறிவு ஏதும் இல்லை. சரியானது எது, தவறியது எது, எதை அவள் அறியவில்லை என்ற மூன்றும் இருக்கின்றன. கடைசி வாக்கியத்துக்காக ஒரு சலவை வரை அவள் காத்திருந்தாள் என்பதே அதன் சிறப்பு.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் இணையவழி நுகர்வோர் மதிப்புரைகளுக்கென IS 19000 என்ற தரத்தை வெளியிட்டது. எழுதியவர் உண்மையான ஆளா, மதிப்புரைகளை எவ்வாறு திரட்டி, சரிபார்த்து, வெளியிடுவது என்பதே அதன் கவலை. அது வேண்டியதுதான். ஆனால் உண்மையாகவே வாங்கியவர், பணம் பெறாமல், நல்லெண்ணத்தோடு எழுதும் பொய்யை எந்தச் சரிபார்ப்பும் பிடிக்காது. ‘மாதிரியே’ என்பது அத்தகைய பொய். அதற்கான விலையைக் கொடுப்பவர் எழுதியவரோ விற்றவரோ அல்லர். அதை நம்பி அடுத்து வாங்குபவரும், பெயரைப் பறிகொடுத்த நெசவாளரும்தான்.